மூன்றாவது வரியில் இருந்த வியாழக்கிழமை

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 7 பேர் கொண்ட பராமரிப்பு அணிக்கு நான் மேலாளரானபோது, 15 நாளுக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் 30 நிமிடம் தனியாகச் சந்திக்க வேண்டும் என்ற ஏற்பாடு அங்கே ஏற்கெனவே இருந்தது. அலுவலகத்தில் அதை ‘ஒன் டு ஒன்’ என்போம். முதல் ஆறு மாதம் அதை நான் ஒழுங்காக நடத்தி வருவதாகவே நம்பிக்கொண்டிருந்தேன். நாளும் தவறவில்லை, நேரமும் தவறவில்லை. ஆனால் டிக்கெட் என்று நாங்கள் பதிவுசெய்யும் வேலைக் கோரிக்கைகளில் எது முடிந்தது, எது நிலுவையில் இருக்கிறது, எப்போது முடியும் என்பவற்றைத் தவிர அந்த அரை மணி நேரத்தில் நான் வேறு எதையும் கேட்டதில்லை. அவை அனைத்தும் அன்று காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் பேசி முடித்தவை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எதிரில் இருந்தவர்களும் அதை மாற்ற முயலவில்லை. நம் ஊரில் ஒருவரைத் தனியாக அறைக்குள் அழைத்தாலே, தலைமையாசிரியர் அறைக்குப் போவதைப் போன்ற ஓர் எச்சரிக்கை உணர்வு அவரிடம் வந்துவிடுகிறது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, “எல்லாம் நல்லாப் போகுது சார்” என்று முடித்துவிட்டு எழுந்து போவதுதான் பாதுகாப்பானது என்று அவர்கள் எண்ணியதில் தவறில்லை.

இந்தச் சந்திப்பு மேலாளருடையதன்று, அவருக்குக் கீழே பணிபுரிபவருடையது. ஆகவே எதைப் பேசுவது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும் என்று, இன்டெல் நிறுவனத்தை நடத்திய ஆண்டி குரோவ் 1980களிலேயே வலியுறுத்தினார். அதைப் படித்துவிட்டு நானும் ஆளுக்கொரு பகிர்வுக் கோப்பைத் திறந்து, சந்திப்புக்கு முந்தைய மாலைக்குள் பேச வேண்டியவற்றை அதில் எழுதிவிடும்படி ஒவ்வொருவரிடமும் சொன்னேன். அவர்கள் எழுதினார்கள். நான்தான் வழக்கம்போல் என் கேள்விகளிலிருந்து தொடங்கினேன்.

அணியில் நான்கு ஆண்டு அனுபவமுள்ள பொறியாளர் ஒருவர் இருந்தார். அவருடைய கோப்பில் தொடர்ந்து மூன்று சந்திப்புகளுக்கு ‘வியாழன் இரவு ரிலீஸ்’ என்பது மூன்றாவது வரியாக இருந்தது. மென்பொருளில் செய்த மாற்றங்களை வாடிக்கையாளரின் பயன்பாட்டுக்கு விடுவதைத்தான் ரிலீஸ் என்போம். முதல் இரண்டு வரிகள் டிக்கெட் நிலவரம். ஒவ்வொரு முறையும் அந்த இரண்டிலேயே 25 நிமிடம் கரைந்துவிடும். மூன்றாவதை அடுத்த முறை பார்க்கலாம் என்பேன், அவரும் தலையசைப்பார். நான்காவது முறை அதே வரியைப் பார்த்தபோதுதான், ஒருவர் ஒன்றரை மாதமாக ஒரே விஷயத்தை எழுதிக்கொண்டிருக்கிறார் என்பது புரிந்தது. பேசத் தயக்கமான விஷயத்தை யாரும் முதல் வரியில் எழுதுவதில்லை. அன்று முதல் யாருடைய கோப்பைப் பார்த்தாலும் கடைசி வரியிலிருந்துதான் படிக்கத் தொடங்குகிறேன்.

அன்று மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு மூன்றாவது வரியிலிருந்து தொடங்கலாம் என்றேன். “பெருசா ஒண்ணும் இல்ல சார்” என்றார். வழக்கமாக அந்த இடத்தில் நான் அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். அன்று போகாமல், மனத்துக்குள் பத்து வரை எண்ணினேன். கண்ணாடிச் சுவர் கொண்ட சிறிய அறையில் பத்து விநாடி மௌனம் மிக நீளமானது. ஏழோ எட்டோ எண்ணியபோது அவர் பேசத் தொடங்கினார். இரவு 10 மணிக்குத் தொடங்கும் ரிலீஸ் முடிய ஒரு மணியாகிறது. வீட்டுக்குக் கொண்டுவிடும் அலுவலக கேபில் கடைசியாக இறங்குபவர் அவர்தான், அதுவரை அவருடைய அப்பா தெருமுனையில் நின்றுகொண்டிருக்கிறார். இதைக் கேட்டதும் நான் இடைமறித்து, அடுத்த மாதத்திலிருந்து அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்றேன். உதவி செய்துவிட்டதாகவே நினைத்தேன். அவர் முகம் சட்டென்று மாறியது.

பிறகு மெல்ல மெல்லத்தான் முழு விவரமும் வந்தது. அவருக்கு அந்த வேலையிலிருந்து விலகும் எண்ணமே இல்லை; அடுத்த அப்ரைசலில் காட்டிக்கொள்ள அவரிடம் இருந்த மிகப் பெரிய பொறுப்பு அதுதான். தரவுத்தள ஸ்கிரிப்டுகளை வரிசை தவறாமல் கையால் ஓட்டத் தெரிந்த இன்னொருவர் வேலையை விட்டுப் போன பிறகு, ஒவ்வொரு படியையும் இவரே ஓட்டி இவரே சரிபார்க்க வேண்டியிருந்தது. அதனால்தான் ஒன்றரை மணி நேர வேலை மூன்று மணி நேரமாக நீண்டது. அவர் கேட்க விரும்பியவை இரண்டே: சரிபார்க்க உடன் ஓர் ஆள், முடிந்தால் ரிலீஸைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றுவது. எனக்குக் காதில் விழுந்ததோ கேப் பிரச்சினை மட்டுமே. அதற்குப் பிறகு, தீர்வு சொல்வதற்கு முன், “நான் புரிந்துகொண்டது இது, சரிதானா” என்று என் சொற்களில் ஒருமுறை சொல்லிக் காட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். பாதி நேரம் திருத்தம் வருகிறது.

உடன் ஓர் ஆளை அந்த வாரமே கொடுத்தேன். நேர மாற்றத்தைப் பற்றி வாடிக்கையாளரிடம் பேசுவதாகச் சொன்னேன். வேறு வேலைகளில் அதை அடியோடு மறந்துவிட்டேன். அவர் நினைவூட்டவில்லை. மேலாளரிடம் ஒன்றை இரண்டு முறை கேட்பது அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். அடுத்த சந்திப்புக்கு அவருடைய கோப்பில் ‘பேச எதுவும் இல்லை’ என்று ஒரே வரி இருந்தது. அதைப் படித்துவிட்டு, பிரச்சினை தீர்ந்துவிட்டது போலும் என்று நிம்மதி அடைந்தேன் என்பதை இப்போது எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது. அதற்கடுத்த முறையும் அதே வரி வந்தபோதுதான் பழைய குறிப்புகளைப் புரட்டினேன். என் வாக்குறுதி அதில் எங்கும் எழுதப்படவில்லை. பேசியதை மட்டும் குறித்திருந்தேனே தவிர, யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வது என்பதைக் குறிக்கவில்லை.

அன்றே வாடிக்கையாளரிடம் பேசினேன். சனிக்கிழமை காலையில் தங்கள் கிளைகள் இயங்குவதால் முடியாது என்று மறுத்துவிட்டார்கள். முன்பாக இருந்தால், கேட்டது கிடைக்காத செய்தியைச் சொல்லாமலே விட்டிருப்பேன். இம்முறை மறுப்பையும் அதன் காரணத்தையும், நான் தாமதித்ததையும் சேர்த்து அவரிடம் சொன்னேன். ஸ்கிரிப்டுகளின் வரிசையை ஒரு சரிபார்ப்புப் பட்டியலாக எழுதி, இருவரும் மாறி மாறி நடத்துவது என்று முடிவாயிற்று. இரண்டு மாதத்தில் வேலை இரவு பன்னிரண்டுக்கு முன்பே முடியத் தொடங்கியது.

இப்போது சந்திப்பு முடிந்த அன்றே அந்தக் கோப்பில் இரண்டு மூன்று வரி எழுதிவிடுகிறேன். அடுத்த சந்திப்பில் முதல் மூன்று நிமிடம் அவற்றைத்தான் படிக்கிறோம், என் பெயருக்கு எதிரே உள்ளவற்றை முதலில். உடல்நலம், வீட்டு விஷயம் ஆகியவற்றைக் கோப்பில் எழுதுவதில்லை. அதே சமயம், யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று கேட்பதற்கு முன்பே உறுதி கொடுப்பதையும் நிறுத்திவிட்டேன். துன்புறுத்தல் போன்ற புகார் வந்தால் அதை என்னோடு வைத்துக்கொள்ளும் உரிமை எனக்கு இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்களை முதல் மூன்று மாதம் வாரந்தோறும் சந்திக்கிறேன். ஒரு சந்திப்பை நடத்த முடியாமல் போனால் அதை ரத்து செய்யாமல், அந்த வாரத்துக்குள்ளேயே வேறு நேரத்துக்கு மாற்றிவிடுகிறேன்.

அந்தப் பொறியாளரின் கோப்பு மெல்ல மெல்ல மறுபடி நிரம்பியது. ஏறக்குறைய ஓராண்டு கழித்து ஒரு மாலையில் அதைத் திறந்தபோது, ‘செவ்வாய்க்கிழமை வாடிக்கையாளர் அழைப்பில் நான் பேசத் தொடங்கிய இரண்டு முறையும் நீங்கள் குறுக்கிட்டீர்கள்’ என்று எழுதியிருந்தார். அது முதல் வரியிலேயே இருந்தது.