நால்வரில் அந்தப் பையன் ஏன்?

சட்டக் கல்லூரியில் குற்றவியல் சட்டம் நடத்துகிறேன். ஒவ்வொரு ஆண்டும் மாணவர்கள் அதிகமாகச் சண்டை போடுவது 1884-ஆம் ஆண்டு நடந்த டட்லி, ஸ்டீஃபன்ஸ் வழக்கில்தான்.

இங்கிலாந்திலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட மின்யோனெட் என்ற சிறு பாய்மரக் கப்பல், ஜூலை 5 அன்று தென் அட்லாண்டிக்கில் மூழ்கியது. கேப்டன் டட்லி, ஸ்டீஃபன்ஸ், புரூக்ஸ், 17 வயதுப் பணியாள் ரிச்சர்ட் பார்க்கர் ஆகிய நால்வரும் ஒரு திறந்த படகில் தப்பினார்கள். குடிநீர் இல்லை. இரண்டு டின் டர்னிப் கிழங்கும், நாலாம் நாள் பிடித்த ஓர் ஆமையும்தான் சாப்பாடு. பார்க்கர் கடல் நீரைக் குடித்துப் படுத்துவிட்டான். யார் சாவது என்று சீட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்ற பேச்சு வந்தது. புரூக்ஸ் ஒப்பவில்லை, சீட்டும் போடவில்லை. இருபதாம் நாள், ஸ்டீஃபன்ஸின் சம்மதத்தோடு டட்லி பையனைக் கொன்றார். மூவரும் அவன் உடலை உண்டார்கள். நாலு நாள் கழித்து ஒரு கப்பல் வந்து காப்பாற்றியது.

"அவன் எப்படியும் செத்திருப்பான் சார், மூணு பேராவது பிழைச்சாங்களே" என்று யாராவது எழுந்து சொல்வார்கள். சாதாரண வாதம் இல்லை அது. ஜூரியே தன் தீர்மானத்தில், உண்ணாமல் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருக்க வாய்ப்பு குறைவு, பையன்தான் முதலில் இறந்திருப்பான் என்றெல்லாம் ஒப்புக்கொண்டது. அப்புறம் அதே தீர்மானத்தில் வரும் இன்னொரு வரியை நான் படித்துக் காட்டுவேன்: மற்ற மூவரில் ஒருவரைக் கொல்வதைவிடப் பையனைக் கொல்ல அதிக அவசியம் எதுவும் இருக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை வழக்கு இந்த வரியில்தான் நிற்கிறது. ஒருவர் சாக வேண்டும் என்று பசி சொல்லலாம். இவன்தான் சாக வேண்டும் என்று அது சொல்லாது. அதைச் சொன்னது டட்லி, தானும் பிழைக்க வேண்டியிருந்த டட்லி. யாருடைய உயிர் மலிவு என்று யார் அளப்பது என்றுதான் தலைமை நீதிபதி கோல்ரிட்ஜும் கேட்டார்.

கொலைக்கு அவசியம் காரணமாகாது என்று தீர்ப்பு வந்தது, மரண தண்டனை. அரசு அதை ஆறு மாதச் சிறையாகக் குறைத்தது. இரண்டுமே சரி என்பது என் கருத்து. சட்டம் அதைக் குற்றம் இல்லை என்று சொல்லியிருந்தால், அடுத்த படகிலும் பலவீனமானவன்தான் முதலில் போவான். அதே சமயம், அத்தனை நாள் தாகத்தில் கிடந்தவர்களைத் தூக்கில் போட எனக்கும் மனம் வராது.

நம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 81-ஆம் பிரிவைக் காட்டி மாணவர்கள் மடக்குவார்கள். இப்போது அது நியாய சன்ஹிதாவின் 19-ஆம் பிரிவு. இருபது முப்பது பேர் இருக்கும் படகில் மோதாமலிருக்க, இருவர் மட்டும் இருக்கும் படகின் பக்கம் கப்பலைத் திருப்பும் கேப்டன் குற்றவாளி இல்லை என்ற உதாரணம் அதில் உண்டு. ஆனால் அந்த இருவரைக் கொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. அவர்கள் விலகித் தப்பிவிட்டால் அவருக்கு நிம்மதிதான். பார்க்கர் தப்பியிருந்தால் டட்லியின் திட்டமே நடந்திருக்காது.