போட்டோவில் பார்த்தால் எல்லாமே 'ஸ்டார்' தான்!

ஐடிஐ-யில் ஃபிட்டர் முடித்த கையோடு, சேலத்தில் ஒரு தொழிற்சாலைக்கு அப்ரண்டிஸ் தேர்வுக்குப் போயிருந்தேன். எழுத்துத் தேர்வு சுலபமாகத்தான் இருந்தது. அது முடிந்ததும் உள்ளே கூப்பிட்டவர், ஒரு கவரிலிருந்து பத்து போட்டோக்களை எடுத்து மேசைமேல் பரப்பினார். எல்லாம் ஸ்க்ரூ, போல்ட் தலைகள். தலையின் வகையைச் சொல்லி, கழற்ற எந்த டூல் என்றும் சொல்ல வேண்டும். முதல் நான்கு படங்களுக்கு நான் வரிசையாக "ஸ்டார் சார்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "நாலுக்கும் ஒரே டிரைவரைத்தான் எடுத்துட்டு வருவியா?"

அங்கேயே முடிந்தது கதை. அந்த நான்கில் இரண்டுக்குத்தான் ஒரே டிரைவர்.

நம் ஊர்க் கடைகளில் 'ஸ்டார் டிரைவர்' என்று கேட்டால் கூட்டல் குறி முனை உள்ளதைத்தான் எடுத்துத் தருவார்கள். செவ்வாய்ப்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவரிடம் அப்படிக் கேட்பதில் தப்பில்லை. தேர்வில் அது செல்லாது. கூட்டல் குறிக்குள்ளேயே பிலிப்ஸ், போஸிடிரைவ் என்று இரண்டு உண்டு. உண்மையிலேயே ஆறு இதழோடு நட்சத்திரம் மாதிரி இருப்பது டார்க்ஸ். எனவே 'ஸ்டார்' என்ற சொல்லை முதலில் நாக்கிலிருந்து இறக்கி வையுங்கள்.

பிலிப்ஸையும் போஸிடிரைவையும் படத்தில் பிரிக்க, கூட்டல் குறியைப் பார்க்காதீர்கள். அதன் கைகளுக்கு நடுவே உள்ள இடத்தைப் பாருங்கள். போஸிடிரைவில் மையத்திலிருந்து சாய்வாக நான்கு மெல்லிய கோடுகள் ஓடும், ஊசியால் கீறியது போல. பிலிப்ஸில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். மங்கலான படமென்றால் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும், வெளிச்சம் நேராக அடித்தால் அந்தக் கோடு மறைந்தே போகும். டிரைவரிலும் இதே அடையாளம்தான்: போஸிடிரைவ் முனையில் நான்கு தகடுகளுக்கு இடையில் சிறு வரப்பு ஒன்று ஓடும். அந்த வரப்பு இருப்பதால் அது பிலிப்ஸ் தலையில் முழுதாக இறங்காது. பிலிப்ஸ் டிரைவரை போஸிடிரைவில் வைத்தால் இறங்கிவிடும், ஆனால் ஆடும். அமுக்கித் திருகினால் வழுக்கி மேலே ஏறி, தலையை வழித்துவிடும். ஒருமுறை வழித்த ஸ்க்ரூவைக் கழற்றப் போராடியவருக்கு இந்த நான்கு கீறல் ஜென்மத்துக்கும் மறக்காது.

மூன்றாவதாக ஜப்பான் வகை ஒன்றும் உண்டு. பார்க்க அப்படியே பிலிப்ஸ்தான். தலையின் ஒரு கால்பகுதியில் ஒரே ஒரு சிறு புள்ளி குத்தியிருந்தால் அது ஜப்பான் தரம். ஜப்பான் தயாரிப்பு பைக்குகளில் பார்க்கலாம். புள்ளி இல்லாமலும் வரும் என்பதால், புள்ளி இல்லை என்பதை மட்டும் வைத்து பிலிப்ஸ் என்று அடித்துச் சொல்ல முடியாது.

டார்க்ஸுக்கும் ஆலன் கீ தலைக்கும் குழப்பம் வருவது சின்னப் படத்தில்தான். குழியின் சுவரைப் பாருங்கள். நேர்க்கோடாகப் போய் மூலையில் மடிந்தால் ஆலன் கீ. வளைந்து வளைந்து போனால் டார்க்ஸ். குழியின் நடுவில் ஒரு குச்சி நின்றால், முனையில் துளையுள்ள டிரைவர்தான் வேண்டும்.

இதெல்லாம் பார்த்தால் தெரிகிற விஷயம். எனக்கு உண்மையில் பாடம் சொன்னது போல்ட் தலையின் அளவு, அதுவும் ஏற்காட்டில்.

ஏற்காட்டில் மாமாவுக்குச் சின்னக் காபித் தோட்டம். பழம் தோல் நீக்கும் பல்பர் மெஷினின் மூடியில் ஒரு போல்ட் கழலவில்லை என்று வாட்ஸப்பில் படம் அனுப்பினார். "மாப்ள, இதுக்கு எந்த ஸ்பேனர்னு பாத்து வாங்கிட்டு வந்துருடா." புத்திசாலித்தனமாகப் பக்கத்தில் பத்து ரூபாய் நாணயமும் வைத்திருந்தார். நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். என் மொபைல் திரையில் ஸ்கேல் வைத்து அளந்தேன்: நாணயம் 40, போல்ட் தலையின் எதிரெதிர் பக்கங்களுக்கு இடையே 20. சரிபாதி. அப்படியென்றால் 13.5. அப்படி ஒரு ஸ்பேனரே கிடையாதே, சரி 14 ஆக இருக்கும் என்று முடிவுகட்டி, 14-ல் ரிங் ஒன்றும் டபுள் எண்ட் ஒன்றும் வாங்கி பஸ் ஏறினேன்.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் மாட்டினால் ஸ்பேனர் ஆடுகிறது. ரிங்கைப் போட்டு ஒரு அழுத்து அழுத்தினேன். 'டக்' என்று ஒரு சத்தம். ஆறு மூலையும் மழுங்கிவிட்டது. அது 13. சாதாரண எம் 8 போல்ட். கடைசியில் பைப் ரெஞ்சு போட்டுத்தான் கழற்றினோம். மாமா ஒன்றும் சொல்லவில்லை, காபி மட்டும் கொடுத்தார்.

எங்கே தப்பு செய்தேன் என்று வீட்டில் உட்கார்ந்து அதே அளவு போல்ட்டை வைத்துப் படமெடுத்துப் பார்த்தேன். நாணயம் தகட்டின்மேல் படுத்திருக்கிறது. போல்ட் தலையின் மேல்பரப்போ அதைவிட 5 மில்லிமீட்டருக்கும் சற்று உயரத்தில் இருக்கிறது. கேமராவுக்குக் கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும். 15 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து எடுத்தால், அந்த உயரமே அளவை ஏறத்தாழ 4 சதவீதம் ஊதிவிடும். 13 என்பது 13.5 ஆகிவிடும். அரை மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்த படத்தில் 13-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. இன்னும் நல்லது, நாணயத்தைத் தலையின் மேல்பரப்பு மட்டத்துக்கே ஏதாவது அட்டையை வைத்து உயர்த்திவிடுவது.

இன்னொரு பொறி: மூலைக்கு மூலை அளப்பது. அறுகோணத்தில் அது பக்கத்துக்குப் பக்கம் உள்ளதைவிட சுமார் 15 சதவீதம் அதிகம். 13 மில்லிமீட்டர் தலை 15 என்று காட்டும். ஸ்பேனரின் எண் எப்போதும் பக்கத்துக்குப் பக்கம்தான். தலையில் 8.8 என்று பொறித்திருந்ததைப் பார்த்து "அளவு அதுதானே?" என்று ஒரு நண்பன் கேட்டான். அது இரும்பின் வலிமை வகுப்பு, அளவல்ல.

13-க்கும் 14-க்கும் நடுவில் முடிவு வந்தால், மரையைப் பார்க்கச் சொல்லுங்கள். நட்டைத் தாண்டி மரை வெளியே நீட்டியிருந்தால், அந்தப் பக்கத்தை மட்டும் நேர் எதிரே நின்று படமெடுத்தால் போதும். நட்டின் அகலமும் மரையின் விட்டமும் கிட்டத்தட்ட ஒரே மட்டம் என்பதால் நாணயமே தேவையில்லை. அகலத்தை விட்டத்தால் வகுத்துப் பாருங்கள். எம் 8-க்கு 13 என்றால் 1.6 வரும். ஜப்பான் அளவில் எம் 10-க்கு 14 என்பதால் 1.4 வரும். நம் கடைகளில் எம் 10-க்குப் பழைய 17-ம் புது 16-ம் கலந்தே கிடைக்கும், அதையும் மனதில் வையுங்கள்.

அடுத்த ஆண்டு வேறு ஒரு இடத்தில் தேர்வு. அங்கும் போட்டோக்கள்தான். ஒன்றில், மழமழவென்று வட்டத் தலை. காடியும் இல்லை, குழியும் இல்லை. முன்பென்றால் ஏதாவது உளறியிருப்பேன். "கேரியேஜ் போல்ட் சார். தலைக்கு டூல் கிடையாது, கழுத்து சதுரமா இருக்கும், அது மரத்துல பிடிச்சுக்கும். நட்டுப் பக்கம்தான் ஸ்பேனர். அந்தப் பக்கத்துப் படம் இருக்கா சார்?" என்றேன். அவர் அடுத்த படத்தைத் திருப்பிப் போட்டார். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம். "எவ்வளவு தூரத்துல இருந்து எடுத்தீங்க சார்?" என்றுதான் முதலில் கேட்டேன்.