மயூர் விஹாருக்குப் போக ஏன் நொய்டா வண்டி?

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் நியூ டெல்லி ஸ்டேஷனில் இறங்கி, மயூர் விஹார் ஃபேஸ் ஒன்றில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு முதல் தடவை மெட்ரோவில் வருகிறவர்கள் பாதி வழியில் போன் போட்டுக் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "நான் நொய்டாவுக்குப் போகலையே, மேப் ஆப் ஏன் நொய்டா வண்டில ஏறச் சொல்லுது?" ஆப் காட்டும் படிகளைச் சுருக்கினால் இவ்வளவுதான்:

```
Walk
Yellow Line: Millennium City Centre Gurugram, 1 stop
Blue Line: Noida Electronic City, 7 stops
Walk
```

லைன் பெயரை ஒட்டி இருப்பது நாம் இறங்க வேண்டிய இடம் இல்லை. அந்த வண்டி கடைசியாகப் போய் நிற்கிற ஸ்டேஷன். ஒரே லைனில் இரண்டு பக்கமும் வண்டி ஓடுவதால், எந்தப் பக்கம் போவது என்பதை அந்தப் பெயரை வைத்துத்தான் சொல்கிறார்கள். பிளாட்பார போர்டிலும் வண்டியின் முகப்பிலும் அதே பெயரைத் தேட வேண்டும். இறங்கும் ஸ்டேஷன் படியின் அடியில் தனியாக இருக்கும். '7 stops' என்பதைத் தொட்டால் இடையில் வரும் பெயர்கள் விரியும். ஏறும் ஸ்டேஷனை எண்ணுவதில்லை, இறங்குவதை எண்ணுவார்கள்.

முதல் நடையில் ஒரு சிக்கல் உண்டு. மெட்ரோ இருப்பது அஜ்மேரி கேட் பக்கம். பஹாட்கஞ்ச் பக்கம் வெளியே வந்துவிட்டால் பெட்டியோடு ரயில்வே ஸ்டேஷனையே சுற்ற வேண்டும். இறங்கியதும் நடைமேம்பாலத்தில் ஏறி 16-ஆம் பிளாட்பாரப் பக்கம் போவது நல்லது. அங்கேயே ஏர்போர்ட் லைனுக்குத் தனி ஸ்டேஷன் இருக்கிறது. நமக்கு வேண்டியது மஞ்சள் லைன். ஆப் காட்டும் நடை நேரத்தில் பையை எக்ஸ்ரேயில் போடும் வரிசை சேராது. காலை நெரிசலில் அந்த வரிசைதான் நீளம்.

மஞ்சள் லைனில் ஒரே ஸ்டேஷன்தான், ராஜீவ் சௌக். குருகிராமில் முடியும் அந்த டெர்மினலுக்கு 2023 வரை ஹுடா சிட்டி சென்டர் என்று பெயர். கேட்டால் பலர் இன்னமும் அப்படித்தான் சொல்வார்கள். அடுத்த ஸ்டேஷன் சாவ்ரி பஜார் என்று அறிவிப்பு வந்தால் எதிர்த்திசை வண்டியில் ஏறிவிட்டீர்கள் என்று அர்த்தம். அங்கே இறங்கி, கேட்டைத் தாண்டாமல் எதிர் பிளாட்பாரத்துக்குப் போனால் போதும்.

ராஜீவ் சௌக்கில் நீல லைன் வேறு தளத்தில் ஓடுகிறது. கூட்டத்தில் போர்டு மறைந்தாலும் தரையில் நீலப் பாதத் தடங்கள் வழி காட்டும். ஆனால் அவை லைனுக்குத்தான் கொண்டுபோய் விடும், திசையைச் சொல்லாது. அதற்கு மறுபடியும் டெர்மினல் பெயர்தான்: ஒரு பக்கம் துவாரகா செக்டர் 21, மறுபக்கம் நொய்டா எலெக்ட்ரானிக் சிட்டி, வைஷாலி.

அந்த மறுபக்கத்தில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். நீல லைன் யமுனா பேங்க்கில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை அக்ஷர்தாம், மயூர் விஹார் வழியாக நொய்டாவுக்கு, இன்னொன்று லக்ஷ்மி நகர் வழியாக வைஷாலிக்கு. ராஜீவ் சௌக்கில் இரண்டு வண்டிகளும் ஒரே பிளாட்பாரத்துக்கே வரும். 'சரியான பிளாட்பாரத்தில்தானே நிற்கிறேன்' என்று வந்த வண்டியில் ஏறிவிடக் கூடாது, முகப்பைப் பார்த்து ஏற வேண்டும்.

வைஷாலி வண்டியில் ஏறிவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. பாரகம்பா ரோடு, மண்டி ஹவுஸ், சுப்ரீம் கோர்ட், இந்திரபிரஸ்தா, யமுனா பேங்க் என்று ஐந்து ஸ்டேஷன்கள் இரண்டுக்கும் பொது. யமுனா பேங்க்கில் இறங்கி நொய்டா வண்டிக்கு மாறிக்கொள்ளலாம். சில நேரம் ஆப்பே வைஷாலி வண்டியைக் காட்டி, யமுனா பேங்க்கில் மாறச் சொல்லும். அது தப்பு இல்லை, அந்த வண்டி முதலில் வருகிறது, அவ்வளவுதான். லக்ஷ்மி நகர் வரை போய்விட்டால் மட்டும், எதிர் பிளாட்பாரத்தில் துவாரகா வண்டி பிடித்து ஒரு ஸ்டேஷன் திரும்ப வர வேண்டும்.

படியில் இல்லாத வேறு ஒரு டெர்மினல் பெயரோடு வண்டி வந்தால்? எல்லா வண்டியும் கடைசி வரை ஓடுவதில்லை, சில நடுவிலேயே திரும்பிவிடும். லைன் வரைபடத்தில், நாம் நிற்கும் இடத்துக்கும் அந்தப் பெயருக்கும் நடுவில் நம் ஸ்டேஷன் இருந்தால் ஏறலாம். இந்தக் கணக்கில் வைஷாலி தேறாது, பாதியில் நிற்கும் நொய்டா வண்டி தேறும்.

இறங்கும்போதும் பெயரை முழுதாகப் படியுங்கள். 'மயூர் விஹார்-1' வேறு, அதற்கடுத்த 'மயூர் விஹார் எக்ஸ்டென்ஷன்' வேறு. கடைசி நடைக்கு ஆப் கேட் எண் காட்டினால் அதிலேயே வெளியே வாருங்கள். 'வடகிழக்கே நட' என்று சொன்னால் திசை தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். இருபது அடி நடந்து பார்த்தால், மேப்பில் நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி வழிக் கோட்டில் முன்னே போகிறதா, விலகுகிறதா என்று தெரிந்துவிடும்.