கஞ்சியும் குண்டூசியும்

மும்பை மாதுங்காவில் எட்டாம் வகுப்பில் எங்களுக்குக் கைவேலை பீரியட் மழைக்காலத்தில்தான் சூடு பிடிக்கும். விளையாட்டு மைதானம் முழுக்கச் சேறு. எனவே தையல் டீச்சருக்குக் கூடுதல் நேரம் கிடைத்துவிடும். அவர் சொல்லிக்கொடுத்த குரோஷா டாய்லியை, அதாவது மேஜைமேல் விரிக்கும் வட்டமான நூல் பின்னலை, இன்றும் போடுகிறேன். பின்னுவதை எத்தனையோ பேரிடம் கற்கலாம். பின்னி முடித்த பிறகு கஞ்சியில் முக்கி, குண்டூசி குத்தி, விறைப்பாகக் காயவைப்பதை அவரைப்போல் பொறுமையாகச் சொல்லித் தந்தவரை நான் பார்த்ததில்லை.

நூல் 20ஆம் நம்பர் வெள்ளை, கொக்கி ஊசி 1.25 மில்லிமீட்டர். ஆறு சங்கிலி போட்டு வளையமாக்கி அதற்குள் ட்ரெபிள் என்ற நீளக் கண்ணி 12. அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு, ஆக 24. மூன்றாவதில் ஒன்றில் ஒன்று, அடுத்ததில் இரண்டு என்று மாற்றி மாற்றிப் போட்டால் 36. அதன் பிறகும் சுற்றுக்குப் பன்னிரண்டு கூடிக்கொண்டே போனால்தான் வட்டம் தட்டையாக இருக்கும். கூட்டுவது குறைந்தால் ஓரம் கிண்ணமாக எழும்பும். அதிகமானால் பாவாடைக் கொசுவம்போல் அலையடிக்கும்.

தாராவியிலிருந்து வந்த என் தோழி மூன்றாம் சுற்றிலும் எல்லாவற்றிலும் இரண்டிரண்டாகப் போட்டுவிட்டாள். 36 இருக்க வேண்டிய இடத்தில் 48. மேலே ஐந்தாறு சுற்று போன பிறகுதான் அலை தெரிந்தது. "குண்டூசி குத்தினா சரியாயிடும்ல டீச்சர்?" என்றாள். டீச்சர் அதை மேஜைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திக் காட்டினார். ஒரு பக்கம் படிந்தால் மறுபக்கம் மடிப்பு எழுந்தது. "சுருங்கிக் கெடக்கறத இழுத்துடலாம்மா. கூடுதலா இருக்கற நூல எங்க கொண்டுபோய் வெப்ப?" என்றார். அவள் இரண்டாம் சுற்றுவரை பிரித்தாள்.

கஞ்சிக்கு முன் டாய்லியை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலச வேண்டும். கைபட்ட எண்ணெயும் அழுக்கும் நூலில் இருந்தால் கஞ்சி காயும்போது பழுப்பாகத் தெரியும். வீட்டில் வடித்த சோற்றுக் கஞ்சியை டீச்சர் ஒப்புக்கொள்ள மாட்டார். அதன் கெட்டி ஒரு நாள்போல் ஒரு நாள் இருக்காது. சர்க்கரைப் பாகில் நனைப்பவர்களும் உண்டு. நன்றாக விறைக்கும், ஆனால் மும்பை மழை ஈரத்தில் பிசுபிசுத்து எறும்பு வந்துவிடும்.

எங்களுக்குச் சோளமாவுதான். ஒரு மேசைக்கரண்டி மாவை முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கரைத்து, ஒரு டம்ளர் கொதிநீரில் ஊற்றிக் கிண்ட வேண்டும். மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் கட்டியின் வெளிப்புறம் உடனே வெந்து மூடிக்கொள்ளும், உள்ளே மாவு அப்படியே நிற்கும். வெண்மை போய்க் கண்ணாடிபோல் ஆனால்தான் வெந்திருக்கிறது என்று அர்த்தம். வேகாத கஞ்சி காய்ந்ததும் பொடியாக உதிரும். மெல்லிய துணியில் வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டில் டாய்லியை முக்கி, முறுக்காமல் பிழிந்து, துண்டில் சுருட்டி ஒற்றி எடுப்போம்.

இனிமேல்தான் உருவம் வரும். தெர்மாகோல் பலகைமேல் காகிதம். அதில் காம்பஸால் வட்டமும் கடிகாரம்போல் 12 கோடுகளும். பென்சில் கறை நூலில் ஏறாமலிருக்க மேலே பிளாஸ்டிக் தாள். துருப்பிடிக்காத ஊசிதான் வேண்டும். துருக்கறை வந்தால் வெளுத்தாலும் போகாது, மழைக்காலத்தில் ஒரே ராத்திரியில் வந்துவிடும். முதல் ஊசி நடு வளையத்தில். பிறகு 12, எதிரே 6, அப்புறம் 3, எதிரே 9, அதன்பின் இடைக்கோடுகள். ஒரு பக்கமே தொடர்ந்து குத்திக்கொண்டு போனால் நடுவளையம் நகர்ந்து பூ கோணிவிடும். ஓரத்து வளைவுகளின் நுனியில் ஊசியைக் கண்ணிக்குள் விட வேண்டும், நூலைப் பிளக்கக்கூடாது. ஊசித்தலை வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் இழுப்புக்குத் தாங்கும். கடைசியில், ஓட்டைகளில் படலமாக நிற்கும் கஞ்சியை ஈரத்துணியால் ஒற்றி எடுக்காவிட்டால் பின்னல் அடைத்துப் போகும்.

மாதுங்காவில் ஜூலை மாதம் இது ஒரு பகலில் காயாது. மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், அடியில் பிளாஸ்டிக்கோடு ஈரம் இருக்கும். அப்போது ஊசியைப் பிடுங்கினால் நுனிகள் உள்ளே சுருங்கும். ஃபேனடியில் வைத்து, நடுவளையத்தைச் சற்றுத் தூக்கிப் பார்த்து, விரலில் குளிர்ச்சி தட்டாதபோதுதான் எடுப்போம். ரொம்ப நாள் ஈரமாகக் கிடந்தாலும் பூசணம் பிடிக்கும். இங்கே வெளிநாட்டில் குளிர்காலத்து ஹீட்டர் அறையில் காலையில் குத்தினால் சாயந்திரம் எடுத்துவிடலாம். ஆனால் குத்தி முடிப்பதற்குள் ஓரம் விறைத்துக்கொள்ளும்; தண்ணீர் தெளித்துக்கொண்டே குத்துகிறேன்.

பெட்டியில் எடுத்து வைப்பதானால் கஞ்சியை முழுக்க அலசிவிடுங்கள். கஞ்சி இருந்தால் பூச்சி அரிக்கும், மடித்து வைத்தால் விறைத்த நூல் மடிப்பிலேயே ஒடியும். அட்டைக் குழாயில் சுருட்டி வைத்து, விருந்தாளி வரும்போது புதிதாகக் கஞ்சி போட்டுக்கொள்ளலாம்.