18 நாள் தங்கியதற்கு 31 நாள் பில்: என் காஷன் டெபாசிட் திரும்பி வந்த கதை

மே 18-ஆம் தேதி விடுதியைக் காலி செய்தேன். டெபாசிட் பணம் செப்டம்பர் 21-ஆம் தேதி கணக்கில் ஏறியது. நான்கு மாதம் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அதில் பாதி என் கவனக்குறைவால் போனது. அதனால் அலுவலகத்தை மட்டும் திட்டி எழுதப்போவதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் வாங்கியது ஒரு டெபாசிட் அல்ல, இரண்டு. கல்லூரி காஷன் டெபாசிட் 3,000 ரூபாய், முதலாண்டு கல்விக் கட்டண ரசீதிலேயே ஒரு வரியாக இருந்தது. விடுதி காஷன் டெபாசிட் 8,000 ரூபாய், அதற்குத் தனி ரசீது, தனி வங்கிக் கணக்கு, தனி அலுவலகம். கல்லூரிப் பணம் பெரிய சிக்கல் இல்லாமல் துறைப் பட்டியலோடு சேர்ந்து ஜூலையில் வந்துவிட்டது. கதையெல்லாம் அந்த 8,000 பற்றியதுதான்.

இரண்டுக்கும் பொதுவான ஆதாரம் நோ டியூஸ் படிவம். ஒரே தாள். நூலகம், ஆய்வகங்கள், துறை, உடற்கல்வி, விடுதி, மெஸ், கணக்குப் பிரிவு என்று ஒன்பது கட்டம். கடைசி வாரத்தில் எல்லாரும் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டடம் கட்டடமாக அலைந்தோம். நூலகத்தில் மட்டும் எனக்கு ஒரு நாள் போனது. ஐந்தாம் செமஸ்டரில் திருப்பிக் கொடுத்த புத்தகம் இன்னும் என் பெயரில் நின்றது. அலமாரியில் போய்த் தேடி, புத்தகம் அங்கேயே இருப்பதை எடுத்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து.

ஒன்பது கையெழுத்தும் வாங்கி முடித்ததும் டிசி பிரிவில் அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அசல் அவர்களுக்கு. எனக்கு டிசி. இங்கேதான் பலரும் மாட்டுகிறார்கள். விடுதி அலுவலகம் டெபாசிட் விண்ணப்பத்தோடு நோ டியூஸ் கேட்கும்போது அசல் நம் கையில் இருக்காது. முந்தைய வருடம் படித்து முடித்த ஒரு அக்கா சொல்லியிருந்ததால், கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து, டிசி கையில் வந்ததும் அதன் வரிசை எண்ணை ஜெராக்ஸின் மேல் மூலையில் எழுதி வைத்தேன். பின்னால் விடுதி அலுவலகத்தில் "ஜெராக்ஸ் செல்லாதும்மா, அட்டெஸ்ட் பண்ணி வாங்கிட்டு வா" என்றபோது அந்த எண்தான் காப்பாற்றியது. டிசி பிரிவு மேடம் எண்ணைப் பார்த்ததும் கட்டிலிருந்து அசலை உருவி, ஒப்பிட்டு, சீல் வைத்துக் கொடுத்தார். எண் இல்லாமல் வந்த ஒரு பையனைச் சாயங்காலம் வரச் சொன்னார்.

ஆனால் ஜெராக்ஸ் எடுத்த நான் அதைப் படித்துப் பார்க்கவில்லை. மெஸ் கட்டத்தில் கையெழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'மே மாத மெஸ் பில்லுக்கு உட்பட்டு.' அதாவது எட்டு கட்டம் பாக்கி இல்லை என்கிறது, ஒன்பதாவது கட்டம் பாக்கி இருக்கலாம் என்கிறது. என் நோ டியூஸ் முழுமையான நோ டியூஸே அல்ல.

எங்கள் மெஸ்ஸில் டிவைடிங் சிஸ்டம். மாதம் முடிந்த பிறகு மளிகை, காய்கறி, காஸ், சமையல்காரர் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, அந்த மாதம் எல்லாரும் மெஸ்ஸில் இருந்த நாட்களின் மொத்தத்தால் வகுப்பார்கள். அதில் வருவது ஒரு ஆளுக்கு ஒரு நாள் செலவு. மே மாதக் கணக்கு ஜூனில்தான் தெரியும் என்பதால், மே மாதம் கிளம்புகிறவருக்கு யாராலும் சுத்தமாகக் கையெழுத்துப் போட முடியாது. கடைசி மாதப் பில்லை டெபாசிட்டில் கழித்துக்கொள்வார்கள். இதில் தப்பு ஒன்றும் இல்லை. எத்தனை நாளுக்குக் கழிக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

ஜூன் கடைசியில் விண்ணப்பம் கொடுத்தேன். அசல் ரசீது, சீல் வைத்த நோ டியூஸ் நகல், டிசி நகல், பாஸ்புக் முதல் பக்கம். ரசீது தொலைந்தவர்கள் உறுதிமொழிக் கடிதம் எழுதி, அலுவலகம் பழைய பதிவேட்டைப் புரட்டும்வரை காத்திருந்தார்கள். என் ரசீது இருந்தது, ஆனால் மெஷினில் அடித்த மெல்லிய தாள் என்பதால் எழுத்து பாதி வெளுத்திருந்தது. ரசீது எண் மட்டும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரிந்தது. சேர்ந்த அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கலாம்.

ஜூலை கடைசியில் போன் செய்தபோது, "உனக்கு 4,278 வருதும்மா, பில் போட்டாச்சு" என்றார் விடுதி அலுவலக சார். கணக்கு கேட்டேன். மெஸ் 3,472, பொதுச் சேதாரம் 250. மீதி 4,278. கூட்டல் கழித்தல் சரிதான். 3,472 எப்படி என்று கேட்டேன். ஒரு நாள் செலவு 112 ரூபாய், 31 நாள்.

"சார், நான் 18-ஆம் தேதியே போயிட்டேனே?"

"ரிடக்‌ஷன் ஃபார்ம் கொடுத்தியா?"

கொடுக்கவில்லை. இடையில் லீவில் ஊருக்குப் போனால் ரிடக்‌ஷன் ஃபார்ம் கொடுக்க வேண்டும் என்று தெரியும். ஒரேயடியாகக் காலி செய்து போகிறவரும் கொடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. சாவியை ஒப்படைத்தால் மெஸ்ஸுக்குத் தானாகத் தெரியும் என்று நினைத்தேன். தெரியாது. சாவி வாங்குவது ஒருவர், மெஸ் வருகைப் பட்டியல் வைத்திருப்பது இன்னொருவர். பட்டியலில் பெயர் இருந்தால் மாதம் முழுக்கச் சாப்பிட்டதாகத்தான் கணக்கு.

போனில் பேசிப் பயனில்லை என்று புரிந்தது. என் கையில் இருந்தது சாவியை ஒப்படைத்ததற்கான சின்னச் சீட்டு, தேதியோடு. அதோடு அறை காலி செய்யும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்தப் பக்க எண்ணை வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டு வாங்கினேன். வார்டனுக்கு எழுதிய கடிதத்தின் நடுப்பகுதி இது:

"நான் மே 18 அன்று அறையைக் காலி செய்து சாவியை ஒப்படைத்தேன். ஒப்படைப்புச் சீட்டின் நகலையும், காலி செய்தோர் பதிவேட்டின் பக்க எண்ணையும் இணைத்துள்ளேன். மே மாத மெஸ் கட்டணம் எனக்கு 31 நாட்களுக்குக் கணக்கிடப்பட்டுள்ளது. ரிடக்‌ஷன் படிவம் தராதது என் தவறு. எனினும் 18-ஆம் தேதிக்குப் பின் நான் விடுதியில் இல்லை என்பதற்கு விடுதியின் பதிவேடே ஆதாரம். எனவே 18 நாட்களுக்கு 2,016 ரூபாய் மட்டும் கழித்து, மீதியை வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்."

மன்றாடி எழுதவில்லை, சண்டை போட்டும் எழுதவில்லை. தொகையையும் அவர்களுடைய பதிவேட்டையும் மட்டும் சொன்னேன். தபாலில் அனுப்பாமல் நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு பெறுதல் முத்திரை வாங்கிக்கொண்டேன். இழுத்தடித்தால் அடுத்த படியாக மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்குப் போகலாம் என்று வைத்திருந்தேன். யுஜிசி 2023-இல் கொண்டுவந்த விதிமுறைப்படி அந்தக் குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அங்கே போனாலும் முதலில் கேட்பது இந்த முத்திரை போட்ட நகலைத்தான்.

தேவைப்படவில்லை. வார்டன் மேடம் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்து, ஓரத்தில் '18 நாள்' என்று சிவப்பு மையில் எழுதினார். 8,000-இல் 2,016-ம் 250-ம் போக 5,734 ரூபாய். அந்த 250 பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என் அறையில் ஒரு பல்ப் கூட உடையவில்லை என்றாலும், தண்ணீர்க் குழாய், வராண்டா விளக்கு என்று பொது இடத்துச் சேதத்தை எல்லாருக்கும் பிரித்துப் போடுவது எங்கள் விடுதியின் எழுதப்பட்ட விதி.

பில் திருத்திய சார் சிரித்துக்கொண்டே, "அஞ்சாயிரம் தாண்டிடுச்சு, இப்போ ஒரு ரூபா ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போடணும்" என்றார். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கான ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்ப் வேண்டும். 4,278-ஆக இருந்திருந்தால் தேவைப்பட்டிருக்காது. 1,456 ரூபாய் கூடுதலாக வாங்குகிறவளுக்கு ஒரு ரூபாய் செலவு பெரிதில்லை, ஆனால் ஸ்டாம்ப் தேடி வெயிலில் நடந்தது நினைவிருக்கிறது.

செப்டம்பர் முதல் வாரம் "அனுப்பிட்டோம்" என்றார்கள். வரவில்லை. பத்து நாள் கழித்தும் அதே பதில். யுடிஆர் எண் கொடுங்கள் என்று கேட்டேன். வங்கி வழியாகப் பணம் போயிருந்தால் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் அந்த எண் இருக்கும். எனக்கு மட்டும் இல்லை. வங்கிக்குப் போன எக்ஸெல் பட்டியலில் என் வரி மட்டும் நிராகரிக்கப்பட்டிருந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. காரணம் ஐஎஃப்எஸ்சி. பதினோரு எழுத்தில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம்தான். படிவத்தில் நான் எழுதிய வட்டத்தை அவர்கள் 'ஓ' என்ற ஆங்கில எழுத்தாக அடித்திருந்தார்கள். பாஸ்புக் நகல் கூடவே இருந்தது, ஆனால் அடிக்கிறவர் படிவத்தைப் பார்த்துத்தான் அடிப்பார். அடுத்த பட்டியலில் திருத்திப் போட்டார்கள். இந்த முறை யுடிஆர் எண்ணே எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது, அன்று மாலையே பணமும் வந்தது.

என் ரூம்மேட் ஆகஸ்டிலேயே 4,278 ரூபாயை வாங்கிவிட்டு, என்னடி இன்னும் அலைஞ்சுட்டு இருக்க என்று கேலி செய்திருந்தாள். அவளும் மே 18 அன்று என்னோடு ஒரே ஆட்டோவில் கிளம்பியவள். 5,734 என்று சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சாவிச் சீட்டைத் தொலைத்துவிட்டேனே என்றாள். பதிவேட்டின் அதே பக்கத்தில் என் கையெழுத்துக்கு அடுத்த வரி அவளுடையது. பக்க எண்ணை அனுப்பியிருக்கிறேன். என் கடிதத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.