ஒரு படிவம், மூன்று அலுவலகம்: பையா மனுவை மாற்றி அனுப்பிய அனுபவம்

டர்பனில் ஒரு நகராட்சி அலுவலகத்தில் தகவல் கோரும் மனுக்களைப் பிரித்து அனுப்புவது என் வேலை. தென்னாப்பிரிக்காவின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தை (2000ஆம் ஆண்டின் 2ஆம் எண் சட்டம்) நாங்கள் பையா என்றுதான் சொல்வோம். மனு போட 2ஆம் படிவம். அதை யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதில் பாதிப் பேர் தடுமாறுவார்கள். வீட்டு வரி ரசீது நகராட்சியிலிருந்து வருகிறது, ஆகவே வீடு சம்பந்தப்பட்ட எல்லாமே நகராட்சியிடம் இருக்கும் என்று நினைக்கிறார்கள். நியாயமான நினைப்புதான்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு ஆன்ட்டி கொடுத்த மனுவும் அப்படித்தான். அப்பா 1991இல் காலமாகிவிட்டார். வீடு இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. பேரனுக்கு எழுதி வைக்க வேண்டும். படிவத்தில் அவர் கேட்டிருந்தது மூன்று: அந்த வீட்டை மாநகராட்சி அப்பாவுக்குத் தவணையில் விற்ற ஒப்பந்தம், வீட்டுப் பத்திரத்தின் நகல், அப்பாவின் சொத்தை நிர்வகிக்க யாருக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டது என்ற காகிதம். ஏற்கெனவே பல கவுண்டர்களில் நின்றிருக்கிறார். "எங்க போனாலும் அங்க போங்கங்கறாங்க தம்பி, எழுதிக் குடுங்கன்னா யாரும் எழுதிக் குடுக்கறதில்ல" என்றார்.

சட்டம் இதற்கு வழி சொல்கிறது. கேட்ட ஆவணம் நம்மிடம் இல்லை, இன்னொரு அரசு அமைப்பிடம் இருக்கிறது என்றால், 20ஆம் பிரிவின்படி மனுவை 14 நாட்களுக்குள் அங்கே மாற்ற வேண்டும். 19ஆம் பிரிவு இன்னொரு வழியும் தருகிறது. மனுதாரர் சரியான இடத்தில் தானே மனு போடுவதற்கு நாம் உதவலாம். இரண்டில் எது சீக்கிரம் முடியுமோ அதைச் செய்ய வேண்டும். இந்த "எது சீக்கிரம்" என்பதைப் பலர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். முழு மனுவையும் அப்படியே தூக்கி வேறு துறைக்குத் தள்ளினால் கை கழுவியாயிற்று என்ற எண்ணம்.

இங்கே முழுதாகத் தள்ளியிருந்தால் ஒப்பந்தத்துக்கான கேள்வியும் சேர்ந்து போயிருக்கும். அது எங்கள் வீட்டு வசதிப் பிரிவின் கோப்பிலேயே இருந்தது. அந்தப் பகுதியை வைத்துக்கொண்டு, 30 நாள் கெடுவுக்குள் நாங்களே பதில் தருவது என்று முடிவு செய்தோம்.

பத்திர நகலுக்கு மனுவே தேவையில்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தின் பதிவேடு பொதுவானது. கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் நகல் வாங்கலாம். மனுவை அங்கே மாற்றியிருந்தால் ஒரு நாள் வேலைக்கு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் அங்கே தெருப் பெயரையும் வீட்டு எண்ணையும் மட்டும் சொன்னால் தேடுவது கஷ்டம். எர்ஃப் எண், அதாவது மனைக்குப் பதிவேட்டில் உள்ள எண் வேண்டும். சாட்ஸ்வொர்த்தில் பல வீடுகள் ஒரு பெரிய எர்ஃப்பின் பகுதிகளாகப் பதிவானவை, ஆகவே பகுதி எண்ணும் சேர்த்து வேண்டும். வரி ரசீதில் சொத்து விவரம் இருக்கும் வரியை அப்படியே ஒரு தாளில் எழுதி, மேலே பதிவகத்தின் முகவரியையும் போட்டுக் கொடுத்தேன்.

மிச்சம் மூன்றாவது. இதுதான் உண்மையில் வேறு துறையின் விஷயம். இறந்தவர்களின் சொத்துக் கோப்புகள் உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகத்தில் இருக்கும். டர்பனிலும் ஒரு மாஸ்டர் அலுவலகம் உண்டு என்பதால் எல்லோரும் முதலில் அங்கேதான் அனுப்புவார்கள். இவ்வளவு பழைய கோப்பு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில்தான் இருக்கும். அதைவிட முக்கியமாக, மனுவைப் பெறும் தகுதி எந்த மாஸ்டர் கவுண்டருக்கும் கிடையாது. மாஸ்டர் அலுவலகம் நீதித் துறையின் கீழ் வருகிறது. ஒரு தேசியத் துறையின் தகவல் அதிகாரி அதன் தலைமை இயக்குநர். அவருக்குக் கீழே துணைத் தகவல் அதிகாரிகள் இருப்பார்கள். அவர்களுடைய மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் 14ஆம் பிரிவின்படி துறை வெளியிட வேண்டிய கையேட்டில் இருக்கும். கையேடு பழையதாக இருந்தால் அதிலுள்ள ஆள் ஓய்வு பெற்றிருப்பார், மின்னஞ்சல் திரும்பி வரும். நான் போன் செய்து, "இந்தப் பெயரில் இப்போது இருக்கிறவர் நீங்கள்தானா?" என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புவேன். கடிதம் அவருக்கு, ஒரு பிரதி பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாஸ்டருக்கு. முதலாமவருக்குப் போனால்தான் சட்டப்படி மாற்றம். இரண்டாவது பிரதி கோப்பைத் தேடப் போகிறவருக்கு முன்கூட்டியே ஒரு தகவல், அவ்வளவுதான்.

கடிதத்தில் என்ன எழுதினோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "இணைப்பைப் பார்த்து ஆவன செய்யவும்" என்ற ஒற்றை வரிதான் பல மனுக்களைச் சாகடிக்கிறது. நாங்கள் முதலில் எழுதியது, மனுவின் எந்தப் பகுதி மாற்றப்படுகிறது, எது எங்களிடமே இருக்கிறது என்பது. அடுத்தது மனு எங்களிடம் வந்த தேதி. மாற்றப்பட்ட மனுவுக்கு 30 நாள் கெடு, அவர்கள் கைக்குப் போன நாளிலிருந்துதான் எண்ணப்படும். ஆனால் வரிசையில் அதற்கான இடத்தை, எங்களிடம் வந்த தேதியை வைத்துத் தீர்மானிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அந்தத் தேதியை நாம் எழுதவில்லை என்றால் ஆன்ட்டியின் மனு வரிசையின் கடைசிக்குப் போய்விடும்.

பிறகு தேடுவதற்கான விவரங்கள்: அப்பாவின் அடையாள எண், இறந்த தேதி, கடைசியாக இருந்த முகவரி. பெயரில்தான் சிக்கல். இறப்புச் சான்றிதழில் Moothoosamy, எங்கள் வீட்டு வசதிக் கோப்பில் Muthusami. நம் ஊர்ப் பெயர்களை அந்தக் காலத்து குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதி வைத்தார்கள், ஆளுக்கு ஒரு விதமாக. இரண்டையும் எழுதி, எது எந்த ஆவணத்தில் இருக்கிறது என்றும் குறித்தேன். ஆன்ட்டி மகள் என்பதற்கு அவருடைய பிறப்புச் சான்றிதழ் நகலை இணைத்தோம். இறந்தவரின் நெருங்கிய உறவினர் கேட்கும்போது தனியுரிமையைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. அது தெரியாமல் ஒரு கேள்வி அங்கிருந்து திரும்பி வந்தால் இன்னும் சில வாரம் போய்விடும். மனுவில் இருந்த வங்கி விவரத் தாளை மட்டும் எடுத்துவிட்டோம். அது அவர்களுக்கு எதற்கு?

அன்றைக்கே ஆன்ட்டிக்கும் கடிதம் போனது. மாற்றியதை மனுதாரருக்கு உடனே தெரிவிப்பதும், காரணத்தையும் கெடுவையும் சொல்வதும் கட்டாயம். நாங்கள் கூடுதலாக, அங்கே யாரைக் கேட்க வேண்டும் என்ற பெயரையும் எண்ணையும் சேர்த்தோம். கெடு முடிந்தும் பதில் வராவிட்டால் மனு மறுக்கப்பட்டதாகவே சட்டம் கருதும், அப்போது மேல்நடவடிக்கை எடுக்கலாம் என்றும் எழுதினோம். கடிதத்தைக் கையில் வாங்கியவர் தேதியைத்தான் முதலில் தேடிப் பார்த்தார். "இது போதும் தம்பி, இனிமே நான் பேசிக்குவேன்" என்றார்.

நீதித் துறையிலிருந்து ஒப்புகை வந்தது, அதில் ஒரு ஆளின் பெயரும் இருந்தது. பெயரில்லாத தானியங்கி ஒப்புகை மட்டும் வந்திருந்தால் மறுபடி போன் செய்திருப்பேன். ஒப்பந்த நகலை நாங்கள் கொடுத்த பிறகு, மாஸ்டர் அலுவலகத்தின் பதிலும் கெடுவுக்குள் வந்து சேர்ந்தது. கோப்பு இரண்டாவது எழுத்துக்கூட்டில்தான் இருந்ததாம். நிர்வாக அதிகாரம் ஆன்ட்டியின் அண்ணனுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அவரும் இப்போது இல்லை. ஆகவே வீட்டை மாற்றி எழுதும் முன் புதிதாக ஒருவரை நியமிக்கச் சொல்லி மாஸ்டரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு பையா மனு வேண்டாம், கிடைத்த கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு நேராகவே போகலாம். ஆன்ட்டி மகனைக் கூட்டிக்கொண்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க் போவதாகச் சொல்லியிருக்கிறார்.