பெல்ட்டு அறுந்த அன்னிக்கு நான் டைப் பண்ண ஒரு வரி

2021ல நான் டைப் பண்ண ஒரு வரி பழைய கம்பெனி ஃபைல்ல இன்னும் அப்படியே இருக்கு. "இறந்தவர் மது அருந்திய நிலையில், எச்சரிக்கையை மீறி, தூக்கப்பட்ட பாரத்தின் அடியில் சென்றதே விபத்துக்குக் காரணம் எனத் தெரிகிறது." மேனேஜர் பக்கத்துல நின்னு சொல்லச் சொல்ல நான் அடிச்சேன், கடைசியில அந்த "எனத் தெரிகிறது" மட்டும் நானா சேத்தது. யாருக்குத் தெரிஞ்சுதுன்னு அப்ப யாரும் கேக்கல, நானும் கேட்டுக்கல.

மணலி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் யார்டு, பேரு வேணாம். நான் அங்க சேஃப்டி அசிஸ்டென்ட், அதாவது ஹெல்மெட் போடுங்கன்னு கத்துறது, ரெஜிஸ்டர் எழுதுறது, சார் சொல்றத டைப் பண்றது. செத்துப்போனவர் ரிகர், அதாவது பாரத்த கட்டித் தூக்குற ஆளு, வயசு 45, திருவொற்றியூர் காலடிப்பேட்டைக்காரர். நாங்க அண்ணான்னுதான் கூப்பிடுவோம்.

அன்னிக்கு என்ன நடந்துதுன்னா, 4 டன் பீம் கட்டு ஒன்ன ஹைட்ரா கிரேன் வெச்சு டிரெய்லர்ல ஏத்தணும். ரெண்டு பக்கமும் மஞ்சள் பெல்ட்டு போட்டு ஒரே கொக்கியில மாட்டினாங்க. மஞ்சள்னா 3 டன் பெல்ட்டு, கலர்லயே தெரிஞ்சுடும். 4 டன்ன ரெண்டா பிரிச்சா ஆளுக்கு 2 டன்தானே, 3 டன் பெல்ட்டு தாராளமா தாங்குமேன்னு தோணும், ஆனா அது பெல்ட்டு ரெண்டும் நேரா தொங்குனாதான். பெல்ட்டு சாயச் சாய இழுவிசை ஏறும். 6 மீட்டர் பெல்ட்டா இருந்தா அன்னிக்கு கட்டுன இடைவெளிக்கு தரைமட்டத்துலேருந்து பெல்ட்டோட கோணம் 60 டிகிரிக்கு மேல நின்னுருக்கும், ஒவ்வொரு பெல்ட்டுலயும் ரெண்டேகால் டன்தான் வந்துருக்கும். ஸ்டோர்ல இருந்தது 3 மீட்டர் பெல்ட்டு. கோணம் கிட்டத்தட்ட 30 டிகிரிக்கு வந்துடுச்சு, அங்க ஒவ்வொரு பெல்ட்டும் மொத்த 4 டன்னயும் இழுக்கும்.

ஆனா பெல்ட்டு அறுந்ததுக்கு இது மட்டும் காரணம் இல்ல. இந்த மாதிரி பெல்ட்டு எழுதியிருக்கறத விட ஏழு மடங்கு தாங்குற மாதிரிதான் செய்றாங்க, புதுசுன்னா 4 டன்னுக்கெல்லாம் அறுந்துடாது. கோணம் கம்மியா இருந்தா பெல்ட்டு நடுப்பக்கமா நகரப் பாக்கும், அந்த நகர்ற பெல்ட்டு பீமோட விளிம்புல உரசும், கத்தியில துணிய வெச்சு இழுத்த மாதிரி. அதனாலதான் விளிம்புல பேட் வெக்கணும், எங்க ஆளுங்க பழைய ஹோஸ் பைப்ப நீளவாட்டுல கிழிச்சு மாட்டுவாங்க. அன்னிக்கு பேட் இல்ல.

அண்ணன் மேல தப்பே இல்லன்னு நான் சொல்ல வரல, அதையும் சொல்லிடறேன். கட்டு ஆடுச்சு, ஆட்டத்த நிறுத்த கயிறு கட்டல, அண்ணன் உள்ள போய் கையால புடிச்சாரு. போயிருக்கக் கூடாது. அதுவும் அவரே ஆயிரம் தடவ பசங்கள திட்டுன விஷயம்.

குடிப்பாரா? குடிப்பாரு. ராத்திரி டோல்கேட் பக்கம் பாத்துருக்கேன். என்கிட்ட ரெண்டாயிரம் ரூபா வாங்கி அடுத்த மாசம் அடுத்த மாசம்னு இழுத்தாரு, கடைசி வரைக்கும் வரல. கோவம் வந்தா வாயில வர வார்த்தைய இங்க எழுத முடியாது. ஆனா காலையில டியூட்டிக்கு குடிச்சிட்டு வந்து நான் பாத்ததில்ல, அன்னிக்கும் பக்கத்துல நின்னு டீ குடிச்சவன் நான். அது தெரிஞ்சும்தான் அந்த வரிய டைப் பண்ணேன்.

சாவுக்கு போனா தெரு முழுக்க கண்ணீர் அஞ்சலி பேனர், மேளம், பட்டாசு. கம்பெனி சார்பா மாலையோட வந்த அதே மேனேஜர் அண்ணி முன்னாடி நின்னு, "தங்கமான மனுஷன்மா, ஒரு நாளும் எதிர்த்து ஒரு வார்த்த பேசுனதில்ல" அப்படின்னாரு. சுத்தி நின்ன எல்லாரும் தலைய ஆட்டுனாங்க. ஆஃபீஸ்ல குடிகாரன், இங்க தங்கம், ரெண்டு நாள் இடைவெளியில. எனக்கு ரிப்போர்ட்ட விட அந்த தங்கம்தான் ரொம்ப உறுத்துச்சு, ஏன்னு அப்ப புரியல.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட ஹெச்ஆர்லேருந்து 3 லட்சம் எடுத்துட்டு போய், இதோட முடிஞ்சுதுன்னு கையெழுத்து கேட்டாங்க. "குடிச்சிருந்தாருன்னு ரிப்போர்ட்ல இருக்கும்மா, கேஸுக்கு போனா இதுவும் வராது"ன்னு பயமுறுத்தல் வேற. அவங்க தெருவுல இருந்த ஒரு பழைய யூனியன்காரர்தான் நல்லவேளை தடுத்தாரு. அவரு சொன்னதுக்கப்பறம்தான் நானே சட்டத்த எடுத்துப் படிச்சேன், சேஃப்டின்னு பேரு வெச்சுக்கிட்டு அதுவரைக்கும் படிக்கல பாருங்க. அப்ப நடைமுறையில இருந்தது 1923ல வந்த ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், அதோட மூணாவது பிரிவு. குடிச்சிருந்தான், வேணும்னே பாதுகாப்பு விதிய மீறுனான்னு முதலாளி சொல்லித் தப்பிச்சிருக்கலாம், கை ஒடஞ்சா, விரல் போனா. ஆளு செத்துட்டாலோ நிரந்தரமா முழுசா முடங்கிட்டாலோ அதுல அந்த வாதம் செல்லாது. அதே மாதிரி சாவுக்கான இழப்பீட்ட அந்தச் சட்டப்படி தொழிலாளர் துறையில இருக்கற இழப்பீட்டு கமிஷனர்கிட்டதான் கட்டணும், வீட்டுல நேரா குடுத்து கையெழுத்து வாங்குனா அது இழப்பீடு குடுத்ததாவே கணக்குல வராது.

அண்ணன் சம்பளம் 23,000, ஈஎஸ்ஐ வரம்பு 21,000ங்கறதால அதுல அவரு வரல, இந்தச் சட்டத்துலதான் வந்தாரு. கணக்குக்கு அப்ப மாசச் சம்பளம் 15,000 வரைக்கும்தான் எடுப்பாங்க, அதுல பாதி 7,500, 45 வயசுக்கு அட்டவணையில இருக்கற எண் 169.44. பெருக்குனா 12,70,800. லேபர் ஆஃபீஸ் இருக்கற டிஎம்எஸ் வளாகத்துக்கு அண்ணி பலதடவ அலைஞ்சாங்க, ஆனா வந்துச்சு. தாமதத்துக்கு 12 சதவீத வட்டியோட.

இதுக்கப்பறம்தான் எனக்கு குழப்பமே ஆரம்பிச்சுது. ஸ்டோர்ல ஒரு பெரியவர் இருந்தாரு, நிறைய படிப்பாரு. நான் பொலம்பறத கேட்டுட்டு, "இன்னாத்துக்குப்பா உருகினுகீற, பணம் வந்துச்சா வந்துச்சு. பொண்டாட்டி புள்ளைக்கு நஷ்டம் இல்ல. அவனோ இல்லவே இல்ல, இல்லாதவனுக்கு இன்னா நஷ்டம்"னாரு. எபிக்யூரஸ்னு ஒரு கிரேக்கரு ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாராம், நாம இருக்கும்போது சாவு இல்ல, சாவு இருக்கும்போது நாம இல்லன்னு. பதிலுக்கு ஒன்னும் சொல்ல வரல எனக்கு.

சட்டமும் பெரியவர் பக்கம்தான் சாயுது. அவதூறு பிரிவுல, அப்ப அது ஐபிசி 499, செத்தவர பத்தி பேசுனாலும் அவதூறாகலாம்னு விளக்கம் இருக்கு, ஆனா அவரு உயிரோட இருந்தா அவரு பேரு கெட்டுருக்கணும், அதோட குடும்பத்தோட மனச புண்படுத்தணும்ங்கற நோக்கமும் இருக்கணும். எங்க மேனேஜருக்கு யார் மனசையும் புண்படுத்தற நோக்கம் இல்ல, அவருக்கு வேண்டியது கம்பெனி மேல விழாம இருக்கறது. அந்த ரிப்போர்ட்ட குடும்பம் பாக்கவே கூடாதுன்னுதான் நெனச்சாரு.

அப்ப யாருக்குத்தான் அநியாயம் நடந்துது? பணம் போகல, கேஸும் நிக்காது, ஆளும் இல்ல. ஆனா ஒன்னும் நடக்கலன்னு என்னால தூங்க முடியல.

பதில் வந்தது ஸ்டோர் ரெஜிஸ்டர்லேருந்து. விபத்துக்கு மூணு நாள் முன்னாடி, அண்ணன் கையெழுத்துல, கோணல் மாணலா: "6 மீட்டர் பெல்ட் வேண்டும். கார்னர் பேட் இல்லை. 3 மீட்டரில் தூக்க முடியாது." கீழ கையெழுத்து, நேரம்கூட போட்டுருந்தாரு. அன்னிக்கு சூப்பர்வைசரோட பெரிய சண்டையாம், யார்டே கேட்டுச்சாம். மூணு நாள் கழிச்சு டிரெய்லர் வெயிட்டிங்னு அவசரப்படுத்தி அதே 3 மீட்டர்லயே தூக்க வெச்சாங்க.

இத பாத்தப்பறம்தான் அந்த தங்கமான மனுஷன் ஏன் உறுத்துச்சுன்னு தெரிஞ்சுது. எதிர்த்து ஒரு வார்த்த பேசாதவரா? எதிர்த்துப் பேசுனதுதான் அவரு பண்ணதுலயே சரியான வேல. ரிப்போர்ட்டு அவர பொறுப்பில்லாத குடிகாரனாக்குச்சு, மால போட்டவரு அவர வாயில்லாத பசுவாக்குனாரு, ரெண்டுலயும் காணாமப் போனது அந்த மூணு வரிதான். திட்டுனா பாவம், புகழ்ந்தா புண்ணியம்னு நம்ம ஊர்ல நெனைக்கறோம், ஒருத்தன புகழ்ந்தே அவன் செஞ்சத அழிக்கலாம்னு நான் அன்னிக்குதான் பாத்தேன். நான்கூட "குடிப்பாரு, கடன் திருப்பமாட்டாரு"ன்னு மேல எழுதிட்டேன், அது அவருக்கு அநியாயம்னு எனக்குத் தோணல, அது உண்மை, அவரே இருந்தா ஆமாடா இப்ப இன்னான்றன்னு கேப்பாரு. ஆனா "அதனாலதான் செத்தான்"னு அடுத்த வரி வந்தா கேக்க ஆள் இல்ல.

பெரியவருக்கு இப்ப என்கிட்ட ஒரு பதில் இருக்கு, முழுசா ஒத்துக்க மாட்டாரு. அநியாயம் நடந்தது சுடுகாட்டுல எரிஞ்ச ஒடம்புக்கு இல்ல. இருபது வருஷம் ஒரு கட்டு நழுவாம வேல செஞ்சு, பெல்ட்டு பெல்ட்டா மார்க்கர்ல தேதி எழுதி, முடியாதுன்னு எழுதிக் குடுத்த அந்த ஆளுக்கு. அவரு இருந்தாரு, அது நடந்தது. அது எப்படி இருந்துச்சுங்கறதுலதான் நான் கை வெச்சேன்.

போஸ்ட்மார்ட்டத்துல எடுத்த உள்ளுறுப்ப சோதிச்ச விஸெரா ரிப்போர்ட்டு பல மாசம் கழிச்சு வந்துச்சு, ஆல்கஹால் இல்லன்னு. அத காட்டி எங்க ரிப்போர்ட்ல திருத்தம் சேக்கணும்னு கேட்டேன், ரெஜிஸ்டர் பக்கத்தயும் ஜெராக்ஸ் எடுத்து வெச்சேன். "முடிஞ்ச ஃபைல ஏன் தோண்டற"ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு சார். கொஞ்ச நாள்ல நான் வேற எடத்துக்கு மாறிட்டேன்.

அதுக்கு முன்னாடி அண்ணி வீட்டுக்கு போனேன். ரிப்போர்ட்ல நான் என்ன எழுதுனேன்னு சொல்லிட்டு ஜெராக்ஸ குடுத்தேன். ரொம்ப நேரம் அந்த கையெழுத்தயே பாத்துக்கினு இருந்தாங்க. "நீதான் எழுதுனியா தம்பி"ன்னு ஒரு தடவ கேட்டாங்க, ஆமான்னேன், அதுக்கு மேல என்கிட்ட பேசல, காபியும் குடுக்கல. சரிதான்.

இப்ப இருக்கற யார்டுலயும் மணலி ஆளுங்க சில பேர் இருக்காங்க. போன மாசம் ஒருத்தர் புதுப் பசங்களுக்கு புத்தி சொல்றேன்னு, "அங்க ஒருத்தன் குடிச்சிட்டு வந்து பீமுக்கு அடியில போய் செத்தான், தெரியுமா"ன்னு ஆரம்பிச்சாரு. நான் குறுக்க போய் அவரு குடிக்கல, பெல்ட்டுதான் அறுபட்டுச்சுன்னேன்.

"நீ பாத்தியா?"

அறுந்த பெல்ட்ட பாத்தேன்னு சொன்னேன். பாரம் தாங்காம பிஞ்ச பெல்ட்டுன்னா முனை பஞ்சு மாதிரி நூல் நூலா சிதறி இருக்கும். இது ஒரு பக்கம் பிளேடுல நறுக்குன மாதிரி நேரா இருந்துச்சு, மிச்சம் கொஞ்சம்தான் கிழிஞ்சிருந்துச்சு. விளிம்புல அறுபட்டா அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டு, பக்கத்துல கெடந்த பெல்ட்ட எடுத்து பசங்களுக்கு விளிம்பு எங்க புடிக்கும்னு காட்டுனேன். அதுல ஒரு பையன் மட்டும் பேட் எங்க கெடைக்கும்னு கேட்டான்.